132 சாப்பாட்டுக் கணக்கு: தணிக்கைக் கேள்விக்கு ஒரு மலை விடுதியின் பதில்

தணிக்கைக் குழு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் நாள்களிலேயே கேள்விகள் தாளாக வந்துவிடும். தாள் நெடுக்காக இரண்டு பாதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இடப்பாதியில் தணிக்கையாளரின் ஆட்சேபணை இருக்கும், வலப்பாதி காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தில்தான் அலுவலகம் பதில் எழுத வேண்டும். இதை 'ஹாஃப் மார்ஜின்' என்றே எல்லா அலுவலகங்களிலும் சொல்கிறார்கள். அங்கே உருப்படியான பதில் போய்விட்டால் விஷயம் அன்றே முடிந்துவிடும். போகாவிட்டால் குழு சென்னைக்குத் திரும்பிய பிறகு அது ஆய்வறிக்கையில் ஒரு பத்தியாக ஏறிவிடும். ஏறிய பத்தியை இறக்க ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் எழுத்தர் மாறுதலில் போயிருப்பார், காப்பாளர் ஓய்வு பெற்றிருப்பார், ரசீது எந்தக் கட்டில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

சேலம் மாவட்ட அலுவலகங்களில் இத்தகைய பதில்களை எழுதியும் திருத்தியும் வந்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பதில்கள் தோற்பதற்குக் காரணம் ரசீது இல்லாமை அல்ல. பெரும்பாலானவை கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கின்றன. ஒரு ஆட்சேபணை ஒன்று சான்று கேட்கும்: இது உண்மையில் நடந்ததா? அல்லது அதிகாரம் கேட்கும்: இதைச் செய்ய உங்களுக்கு யார் அனுமதி தந்தது? அல்லது பணம் கேட்கும்: இவ்வளவு கூடுதலாகப் போயிருக்கிறது, திரும்பக் கட்டுங்கள். சான்று கேட்ட இடத்தில் காரணம் சொல்லுவார்கள். அதிகாரம் கேட்ட இடத்தில் ரசீதை நீட்டுவார்கள். பணம் கேட்ட இடத்தில் 'இனிவரும் காலங்களில் இவ்வாறு நிகழாது' என்று உறுதிமொழி கொடுப்பார்கள். மூன்றும் வீண்.

விளக்குவதற்கு ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். பல கோப்புகளில் பார்த்தவற்றைச் சேர்த்து நான் கட்டிய வழக்கு இது. எந்தத் தனிப் பள்ளியையும் குறிப்பது அல்ல. சேர்வராயன் மலையில் பழங்குடியினர் நலத்துறையின் உண்டி உறைவிடப் பள்ளி ஒன்று. விடுதியில் 120 பிள்ளைகள். நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் போன்ற ஊர்களிலிருந்து வந்து தங்கிப் படிக்கிறவர்கள். தலைமையாசிரியரே காப்பாளர் பொறுப்பையும் பார்க்கிறார். மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து வந்த குழு 2024–25 கணக்கைப் பார்த்து நான்கு ஆட்சேபணைகளைக் கொடுக்கிறது. சாப்பாட்டுக் கணக்கு, அரிசி ஏற்றிவந்த வண்டி வாடகை, காய்கறி ரசீதுகள், பாத்திரக் கொள்முதல்.

முதல் ஆட்சேபணைதான் பெரியது. நவம்பர் மாதத்தின் 20 வேலை நாள்களை எடுத்து, ஒவ்வொரு நாளும் வகுப்பு வருகைப் பதிவேட்டில் எத்தனை பேர் என்பதைக் கூட்டியிருக்கிறார் தணிக்கையாளர். 2,208 வந்திருக்கிறது. அதே நாள்களில் விடுதி உணவுப் பதிவேட்டில் சாப்பிட்டதாக எழுதியிருப்பதைக் கூட்டினால் 2,340. வித்தியாசம் 132 மாணவர் நாள்கள், அதாவது ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் என்றால் ஒன்று. ஒரு மாணவருக்கு உணவுச் செலவினம் மாதம் 1,400 ரூபாய். முப்பதால் வகுத்தால் நாளுக்கு 46 ரூபாய் 67 காசு. ஆக, வகுப்புக்கு வராத பிள்ளைகளின் பெயரில் 6,160 ரூபாய் கூடுதலாகச் செலவு காட்டப்பட்டிருக்கிறது, இதற்கு விளக்கம் தருக என்பது கேள்வி.

தொகை சிறியதுதான். ஆனால் ஒரு மாதத்தில் நிரூபணமானால் மற்ற மாதங்களையும் அதே கோலால் அளப்பார்கள் என்பதைக் காப்பாளர் உணர வேண்டும். இதற்கு வழக்கமாகப் போகும் பதில் ஒன்று உண்டு: 'விடுதி மாணவர்களுக்கு நாள்தோறும் உணவு வழங்கப்பட்டு, பதிவேட்டில் உள்ளவாறு செலவு மேற்கொள்ளப்பட்டுள்ளது.' 'பதிவேட்டில் உள்ளவாறு' என்ற இந்தத் தொடரைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எந்தப் பதிவேட்டை நம்ப முடியவில்லை என்று கேட்கிறார்களோ, அதையே சாட்சிக்கு அழைத்து என்ன பயன்?

இது சான்று கேட்கும் கேள்வி. எனவே 132 என்ற எண்ணை உடைத்தாக வேண்டும். ஒரு பெரிய தாளில் 20 தேதிகளையும் எழுதி, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே வகுப்பில் இல்லாமல் விடுதியில் இருந்ததாகக் காட்டப்பட்ட பிள்ளைகளின் பெயரைத் தனித்தனியாக எழுத வேண்டும். அலுப்பான வேலைதான், அரை நாள் போகும். ஆனால் பெயர்கள் வரிசையில் விழுந்த உடனேயே கணக்கு தானாகப் பேசத் தொடங்கும்.

நம் வழக்கில் அந்தப் பெயர்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்தன. மாத நடுவில் காய்ச்சல் பரவி, பிள்ளைகள் வகுப்புக்குப் போகாமல் விடுதியிலேயே படுத்திருந்த நாள்கள் 57. சேலத்தில் மாவட்டத் தடகளப் போட்டிக்கு 16 பேர் மூன்று நாள் போய்வந்தது 48. இரண்டும் சேர்ந்து 105. மீதி 27 நாள்களுக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. அவற்றின் தேதிகளைப் பார்த்தால் பெரும்பாலும் திங்கள்கிழமை. நவம்பர் என்பது மலையில் காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கும் பருவம். சனி, ஞாயிறு ஊருக்குப் போன பிள்ளையைத் தாய் தகப்பன் திங்களும் தோட்டத்திலேயே நிறுத்திக்கொண்டு செவ்வாய் காலையில் அனுப்பி வைப்பார்கள். விடுதியிலோ திங்கள் காலையிலேயே எல்லாரும் வந்துவிட்டதாக வைத்துப் பொங்கி, அப்படியே பதிவேட்டிலும் ஏற்றிவிட்டார்கள்.

இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் என்ன தாள் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் 57இல் 38 நாள்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிச் சீட்டு இருக்கிறது. அதில் பெயர், தேதி, எழுதிக் கொடுத்த மாத்திரை எல்லாம் உண்டு. வெளியார் ஒருவர், இந்தத் தணிக்கை வரும் என்று தெரியாத காலத்தில், தம் வேலைக்காக எழுதிய தாள் அது. தணிக்கையில் இதைவிட வலுவான சான்று வேறு இல்லை. மீதி 19 நாள்களுக்குச் சீட்டு இல்லை. ஆனால் வகுப்பாசிரியரிடம் கொடுத்த விடுப்புக் கடிதங்கள் கிடைக்கின்றன: 'காய்ச்சல் காரணமாக விடுதியில் ஓய்வு எடுக்க அனுமதி வேண்டுகிறேன்' என்று பிள்ளையின் கையெழுத்தில், ஆசிரியரின் ஒப்பத்தோடு. இது இரண்டாம் தரம். ஆனாலும் அன்றே எழுதப்பட்டது என்பதால் நிற்கும். இவை இரண்டுமே இல்லையென்றால், இன்றைய தேதியிட்டு 'மேற்கண்ட மாணவர்கள் நோயுற்றிருந்தனர் எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று காப்பாளரே எழுதிக் கொடுப்பதுதான் வழி. அதன் மதிப்பு எனக்குத் தெரிந்தவரை ஏறக்குறையச் சுழியம். கேள்விக்கு ஆளானவரே தமக்குச் சான்று கொடுத்துக்கொள்வதை யார் ஏற்பார்கள்?

தடகளப் போட்டியில் ஒரு கண்ணி இருக்கிறது. போட்டிக்குப் போனதற்குப் பங்கேற்புக் கடிதம் இருக்கும், அதை இணைத்து விட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். போட்டி நடத்தியவர்களே மதிய உணவு கொடுத்திருந்தால் என்ன செய்வது? அப்போது விடுதியில் அந்த வேளைக்குச் செலவு காட்டியது தப்பாகிவிடும். 48இன் மேல் புதிய கேள்வி முளைக்கும். ஆகவே பிள்ளைகள் காலையில் விடுதியில் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்கள், மதியத்துக்குக் கட்டுச்சோறு கொடுத்தனுப்பப்பட்டது, இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள் என்பதை நடமாட்டப் பதிவேட்டின் நேரத்தோடு காட்ட வேண்டும். சமையலர் அன்றைய உணவுப் பட்டியலில் 'எலுமிச்சைச் சோறு, 16 பொட்டலம்' என்று எழுதி வைத்திருந்தால் அந்த ஒரு வரி பத்துப் பக்க விளக்கத்துக்குச் சமம். போட்டி நடத்தியவர்களிடமிருந்து உணவு வழங்கப்படவில்லை என்று ஒரு கடிதம் வாங்கி வைப்பதும் நல்லது.

இனி அந்த 27. காப்பிப் பருவத்தைக் காரணமாக எழுதலாமா? எழுதலாம், உண்மைதான். ஆனால் பிள்ளை ஏன் வரவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. வராத பிள்ளைக்கு ஏன் செலவு எழுதினீர்கள் என்பதற்கு அது பதில் ஆகாது. இந்த இடத்தில் ஆட்சேபணை கேட்பது பணம். 27 நாள்களுக்கு 1,260 ரூபாய். அதை மின் செலுத்துச் சீட்டு மூலம் கருவூலத்தில் உரிய கணக்குத் தலைப்பில் கட்டிவிட்டு, சீட்டின் எண்ணையும் தேதியையும் பதிலில் குறிப்பிட வேண்டும்.

அனுபவப்பட்ட தணிக்கையாளர் அடுத்து அரிசியைக் கேட்பார். காய்கறிக்கும் மளிகைக்கும் பணத்தைக் கட்டிவிட்டீர்கள், அந்த 27 பேர்க்கு உலையில் போட்டதாக எழுதிய அரிசி எங்கே? அந்த விடுதியில் ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் என்ற கணக்கில் அரிசி எடுத்து வந்ததாக வைத்துக்கொண்டால், 10 கிலோ 800 கிராம். சமைத்தது வீணானதா, மற்றப் பிள்ளைகளுக்குப் போனதா என்று இப்போது சொல்ல முடியாது. அதன் விலையையும் சேர்த்துக் கட்டி, இருப்புப் பதிவேட்டில் அன்றைய தேதியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு எழுதி ஒப்பமிடுவதுதான் சரி. பழைய பதிவுகளைச் சுரண்டியோ அடித்தோ திருத்தக் கூடாது. பணத்தை ஒப்புக்கொண்டு அரிசியை மறந்த பதிலுக்கு அதே வாரத்தில் இன்னொரு தாள் வரும்.

வலப்பாதியில் எழுதப்பட வேண்டிய பதில் ஏறக்குறைய இப்படி அமையும்:

'ஆட்சேபணையில் குறிப்பிடப்பட்ட 132 மாணவர் நாள்களில், 57 நாள்கள் மாணவர்கள் நோயுற்று விடுதியில் தங்கியிருந்தவை. தேதிவாரிப் பெயர்ப் பட்டியலும் புறநோயாளிச் சீட்டுகள் 38, விடுப்புக் கடிதங்கள் 19 ஆகியவையும் இணைப்பு 1இல் உள்ளன. 48 நாள்கள் மாவட்டத் தடகளப் போட்டியில் பங்கேற்றவை. பங்கேற்புக் கடிதம், நடமாட்டப் பதிவேட்டின் நகல், உணவுப் பட்டியல் ஆகியவை இணைப்பு 2இல் உள்ளன. எஞ்சிய 27 நாள்களுக்குச் செலவு காட்டியது ஏற்கத்தக்கதல்ல என்பது ஒப்புக்கொள்ளப்படுகிறது. அதற்கான ரூ.1,260ம் அரிசியின் விலையும் கருவூலத்தில் செலுத்தப்பட்டுள்ளன. செலுத்துச் சீட்டின் நகல் இணைப்பு 3. எனவே இவ்வாட்சேபணையை விலக்கிக்கொள்ள வேண்டப்படுகிறது.'

இதில் கவனிக்க வேண்டியது, 57, 48, 27 மூன்றும் கூட்டினால் சரியாக 132 வருகிறது. தணிக்கையாளர் எண்ணோடு நம் எண் கடைசி ஒன்று வரை பொருந்தாத பதிலை அவர் முழுதாகப் படிப்பதுகூட இல்லை. கூட்டிப் பார்ப்பார், இடிக்கும், திருப்பி அனுப்புவார். தப்பை ஒப்புக்கொண்டதால் பதில் பலவீனப்பட்டுவிட்டது என்று சில காப்பாளர்கள் வருந்துவார்கள். நான் பார்த்தவரை நேர்மாறாகத்தான் நடக்கிறது. 27ஐ ஒளிக்காமல் சொன்னவரின் 105ஐத் தணிக்கையாளர் அதிகம் துருவுவதில்லை.

இரண்டாவது ஆட்சேபணை வண்டி வாடகை. சேலத்துக் கிடங்கிலிருந்து பள்ளிக்கு அரிசி மூட்டை ஏற்றிவர, ஒரு வழிக்கு 38 கிலோமீட்டர் என்று வழக்கமாகப் பட்டியல் வரும். டிசம்பரில் வந்த இரண்டு நடைகளுக்கு மட்டும் 54 கிலோமீட்டர். போக வர 32 கிலோமீட்டர் கூடுதல். கிலோமீட்டருக்கு 28 ரூபாய் ஒப்பந்த விலை என்றால் ஒரு நடைக்கு 896 ரூபாய், இரண்டுக்கும் 1,792.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையொட்டிப் பெய்த மழையில் சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது மாவட்டமே அறிந்த செய்தி. இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதை மூடினால், மலைக்கு ஏற உள்ள மற்ற வழி குப்பனூர், கொட்டச்சேடு சுற்று. காப்பாளர் இந்தச் செய்தியை எழுதி, நாளிதழ் நறுக்கையும் ஒட்டி அனுப்பிவிட்டார். ஆட்சேபணை நீங்கவில்லை. ஏன்?

மழை பெய்ததா, மண் சரிந்ததா என்று யாரும் சந்தேகப்படவில்லை. இந்தக் குறிப்பிட்ட வண்டி, இந்தக் குறிப்பிட்ட நாளில், சரக்கு வண்டிகளுக்குப் பாதை மூடியிருந்தபோதுதான் போனதா என்பதே கேள்வி. பாதை திறந்ததும் சிறிய வண்டிகளை முதலில் விடுவார்கள், பாரம் ஏற்றிய வண்டிகளைப் பிறகு விடுவார்கள். ஆகவே தடை இருந்த தேதிகளும், எந்த வகை வண்டிக்குத் தடை என்பதும் தேவை. மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு நகலோ நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரிடம் கேட்டு வாங்கிய கடிதமோ அதைத் தரும். வண்டி உண்மையில் சுற்றிப் போனது என்பதற்கு ஓட்டுநரின் நடைச்சீட்டு வேண்டும்: புறப்பட்டபோது மீட்டரில் எவ்வளவு, சேர்ந்தபோது எவ்வளவு. எண்ணெய் போட்ட ரசீது அந்தச் சுற்று வழியில் உள்ள ஒரு பெட்ரோல் பங்கில் வாங்கியதாக இருந்தால் இன்னும் நல்லது.

இந்தத் தாள்களை அடுக்கிப் பார்த்தபோது முதல் நடை நின்றது. இரண்டாவது நடை மாதக் கடைசியில் நடந்திருக்கிறது; அப்போதும் சரக்கு வண்டிக்குத் தடை இருந்தது என்று காட்ட ஒரு தாளும் கிடைக்கவில்லை. நடைச்சீட்டில் மீட்டர் எண்ணும் எழுதப்படவில்லை. போன தடவை 54 என்று கொடுத்தார்கள், இந்தத் தடவையும் இருக்கட்டும் என்று வண்டிக்காரர் போட்டிருக்கலாம். பட்டியலைப் பார்த்த எழுத்தரும் பழைய பட்டியலைப் பார்த்து விட்டிருக்கலாம். எதுவாயினும் 896 ரூபாயை ஒப்பந்தக்காரரின் அடுத்த பட்டியலில் பிடித்துக்கொண்டு அதைப் பதிலில் எழுதுவதே முறை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வாதாடினால் பலவீனமான நடை பலமான நடையையும் இழுத்துக் கீழே போட்டுவிடும்.

காய்கறி ரசீதுகள் பற்றிய மூன்றாவது ஆட்சேபணையில் மூன்று குறைகள் ஒன்றாகச் சொல்லப்பட்டிருந்தன. ஜி.எஸ்.டி. எண் இல்லாத கைச்சீட்டுகள் என்பது ஒன்று. இதற்குச் சுருக்கமாகவே பதில் உண்டு. பச்சைக் காய்கறிக்கு வரி விலக்கு இருக்கிறது. வரி விலக்குள்ள சரக்கை மட்டுமே விற்பவர் பதிவு செய்துகொள்ளத் தேவையில்லை என்று மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. சட்டப் பிரிவைச் சொல்லி, விற்றவரின் பெயர், கடை இருக்கும் இடம், கையொப்பம் சீட்டில் இருப்பதைக் காட்டினால் போதும். அதே சீட்டில் எண்ணெயோ மசாலாப் பொட்டலமோ சேர்ந்திருந்தால் இந்தப் பதில் நிற்காது என்பதையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுகள் சிலவற்றில் ஒரு ரூபாய் வருவாய் வில்லை ஒட்டப்படவில்லை என்பது இரண்டாவது. உடனே பலரும் செய்வது, ஒரு வில்லையை வாங்கி ஒட்டி, குறுக்கே கையெழுத்து வாங்கி நகல் எடுத்து அனுப்புவது. தணிக்கையாளர் ஏற்கெனவே வெற்றுச் சீட்டைப் பார்த்துக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள். பார்த்த சீட்டு இன்று வேறு முகத்தோடு வந்தால், ஒரு ரூபாய்க் குறை ஆவணத் திருத்தமாக வளர்ந்துவிடும். குறையை ஒப்புக்கொண்டு, விற்றவரிடமிருந்து இன்றைய தேதியில் வில்லையோடு ஒரு பணம் பெற்ற ஒப்புகையைத் தனித்தாளாக வாங்கி இணைக்க வேண்டும். பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் கணக்கு அறிக்கையில் அந்தப் பரிமாற்றத்தின் எண்ணைச் சுட்டிக் காட்டுவது இன்னும் நல்லது.

மூன்றாவது, இரண்டு சீட்டுகளைக் காணவில்லை. இங்கேதான் நல்ல மனிதர்களும் வழுக்கி விழுகிறார்கள். கடைக்காரர் தெரிந்தவர், கேட்டால் பழைய தேதி போட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார், செலவு என்னவோ நடந்ததுதானே என்று தோன்றும். ஆனால் ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் இருக்கிறது. நவம்பர் தேதியிட்ட சீட்டின் எண் 412, அதே கடையில் அடுத்த பிப்ரவரியில் வாங்கிய சீட்டின் எண் 388 என்றால், 412 பிப்ரவரிக்குப் பிறகு கிழிக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க யாரும் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. சில புத்தகங்களின் அடியில் அச்சகத்தார் அச்சிட்ட மாதத்தையும் போட்டிருப்பார்கள். ஆண்டுக் கட்டில் மற்றச் சீட்டுகளெல்லாம் பழுத்து, துளையிட்ட ஓரம் நைந்து, 'பணம் வழங்கப்பட்டது' என்ற முத்திரையோடு கிடக்கும்போது, நடுவில் வெள்ளை வெளேரென்று ஒன்று மட்டும் முத்திரை இல்லாமல் இருக்கும். அப்போது இரண்டு சீட்டைப் பற்றிய கேள்வி, ஆண்டுக் கட்டு முழுவதையும் பற்றிய சந்தேகமாகிவிடும்.

நேர்வழி இருக்கிறது, அது கடினமும் இல்லை. கடைக்காரரிடம் தம் அடிக்கட்டையைப் பார்த்து 'நகல்' என்று மேலே எழுதி, இன்றைய தேதியைப் போட்டு ஒரு படி தரச் சொல்ல வேண்டும். அந்தச் சரக்கு வந்து சேர்ந்ததற்கு விடுதி இருப்புப் பதிவேட்டின் பக்க எண்ணைக் காட்ட வேண்டும். பணம் போனதற்கு ரொக்கப் புத்தகம் அல்லது வங்கி அறிக்கை. மூலச் சீட்டு காணாமல் போனது, இதற்கு மறுபடி பணம் கோரப்படாது என்று பணம் வழங்கிய அலுவலர் ஒரு சான்று எழுத வேண்டும். காப்பாளரின் சான்றுக்கு மதிப்பில்லை என்று முன்னே சொன்னேனே என்று கேட்கலாம். அங்கே அது ஒன்றே ஒன்றாக நின்றது. இங்கே மூன்று தாள்களுக்கு மேலே நான்காவதாக வருகிறது.

நான்காவது ஆட்சேபணை பாத்திரக் கொள்முதல். சமையலறைக்கு அலுமினிய அண்டா, எவர்சில்வர் தட்டு, டம்ளர் என்று ஒரே கடையில், ஒரே நாளில், 1127 முதல் 1130 வரை அடுத்தடுத்த எண்ணுள்ள நான்கு பட்டியல்கள். ஒவ்வொன்றும் காப்பாளர் தாமே செலவிடக்கூடிய வரம்புக்குக் கொஞ்சம் கீழே. மொத்தத்தில் பார்த்தால் வரம்பைத் தாண்டுகிறது. மேலதிகாரியின் அனுமதியும் விலைப்புள்ளிகளும் வேண்டியிருந்திருக்கும். வரம்பைத் தவிர்ப்பதற்காகக் கொள்முதல் கூறுபோடப்பட்டிருக்கிறது என்கிறது தணிக்கை.

இதற்கு நான்கு பட்டியலையும் இருப்புப் பதிவேட்டையும் இணைத்து, 'அனைத்துப் பொருள்களும் முறைப்படி இருப்பில் சேர்க்கப்பட்டுள்ளன' என்று எழுதிய பதில்களை நான் எண்ண முடியாத அளவு பார்த்திருக்கிறேன். பாத்திரம் வந்ததா என்று யார் கேட்டார்கள்? இங்கே கேட்பது அதிகாரம். 'அவசரத் தேவை' என்பதும் உதவாது. தட்டும் டம்ளரும் தேயும் வேகம் ஓராண்டு முன்னரே தெரியக்கூடியது. காப்பாளர் எழுதக்கூடிய எந்த விளக்கமும் இந்தக் குறையைத் தீர்க்காது என்பதைப் புரிந்துகொள்வதே பாதி வேலை. அந்த மொத்தத் தொகைக்கு அனுமதி தரும் தகுதியுடைய மேலதிகாரி பின்னேற்பு ஆணை கொடுத்தால்தான் தீரும்.

ஆகவே ஹாஃப் மார்ஜினில் வாதம் எழுதாமல், நடந்ததை அப்படியே எழுதி, பழங்குடியினர் நலத் திட்ட அலுவலருக்குப் பின்னேற்பு கோரி முன்மொழிவு அனுப்பப்பட்டிருக்கிறது என்று கடித எண்ணோடு சொல்வதே சரி. அந்த முன்மொழிவில்தான் ரசீதுகளுக்கு வேலை இருக்கிறது. அந்த மாதத்தில் வேறு இரண்டு கடைகளில் அதே தரப் பாத்திரம் என்ன விலைக்கு விற்றது, அரசுக்கு இழப்பு ஏற்பட்டதா இல்லையா, பாத்திரங்கள் இன்றும் எண்ணிக்கை குறையாமல் இருக்கின்றனவா என்பதையெல்லாம் பார்த்துத்தான் அவர் ஆணை தருவதா மறுப்பதா என்று முடிவு செய்வார். மறுத்தால் விளைவு காப்பாளர் மேல்தான். அதையும் மறைக்கக் கூடாது.

இந்த நான்கில் முதல் மூன்றும் குழு மலையை விட்டு இறங்கும் முன்பே தீர்ந்துவிடக்கூடியவை. பாத்திரம் மட்டும் ஆய்வறிக்கையில் ஏறும், ஏனெனில் பின்னேற்பு நாலைந்து நாளில் வராது. ஆய்வறிக்கை கிடைத்த நான்கு வாரத்துக்குள் முதல் பதில் போக வேண்டும் என்பது விதி. ஆணை வராவிட்டாலும் பதில் போக வேண்டும்: முன்மொழிவு எந்த நாளில் போனது, எந்த நிலையில் இருக்கிறது என்று. பலர் முழுமையான பதிலுக்காகக் காத்திருந்து நான்கு மாதத்தைக் கடத்திவிடுகிறார்கள். பேசாமல் இருந்த அலுவலகம் என்ற பெயர் அதற்குள் வந்துவிடும்.

பதிலோடு மூலச் சீட்டுகளை அனுப்பிவிடக் கூடாது. 1971ஆம் ஆண்டின் தணிக்கைச் சட்டம் 18ஆம் பிரிவில் ஆவணங்களைக் கேட்டுப் பெறும் அதிகாரத்தைத் தணிக்கைக்குக் கொடுத்திருக்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டதைக் காட்டத்தான் வேண்டும். எழுதிக் கேட்டால் பட்டியலிட்டு, ஒப்புகை பெற்றுக் கொடுக்க வேண்டும். ஆனால் தபாலில் போகும் பதிலுக்குச் சான்றொப்பமிட்ட நகல் போதும். ஒவ்வொரு நகலின் மேல் மூலையிலும் எந்த ஆட்சேபணை, எந்த இணைப்பு, எத்தனையாவது பக்கம் என்று சிவப்பு மையில் எழுத வேண்டும். தடித்த கட்டாக, எண் இல்லாமல் போகும் நகல்களை யாரும் புரட்டுவதில்லை.

பின்னேற்பு ஆணை வந்ததும் அதன் நகலோடு இரண்டாவது பதில். அதன்பிறகும் பத்தி நிலுவையில் இருந்தால், துறையும் தணிக்கையும் சேர்ந்து உட்காரும் கூட்டமர்வில் எடுத்துப் பேசித் தீர்ப்பார்கள். அங்கே போகிறவர் மூலக் கோப்பைக் கையோடு கொண்டுபோக வேண்டும். 'நகல் அனுப்பியிருக்கிறோம்' என்று சொல்லி வெறுங்கையோடு நின்றால் பத்தி அடுத்த கூட்டமர்வுக்குத் தள்ளிப் போகும்; அடுத்த கூட்டமர்வு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

பத்தி நீக்கப்பட்டதாகக் கடிதம் வந்தால் அதைக் கோப்பில் போட்டு மூடிவிடக் கூடாது. தணிக்கைத் தடைப் பதிவேட்டில் அந்தப் பத்தியின் எதிரே கடித எண்ணையும் நாளையும் எழுதி, காப்பாளர் ஒப்பமிட வேண்டும். அடுத்த குழு வந்ததும் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான். எதிரே எதுவும் இல்லையென்றால், தீர்ந்துபோன பாத்திரக் கணக்கை நிலுவை என்று மறுபடி எழுதுவார்கள்.